கழுத்தைத் திருத்தும் முன் கண்ணைப் பாருங்கள்

மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றை வைத்துக்கொள்வோம். டிவி பார்க்கும்போதும் படம் பார்க்கும்போதும் தலையை இடது தோள் பக்கம் சாய்த்துக்கொள்கிறாள். பாட்டி, "உரம் விழுந்திருக்கு" என்று சேலையில் போட்டு உருட்டியாயிற்று. பிறகு கழுத்துக்கு பிசியோதெரபி பல மாதம் நடந்தது. சாய்வு அப்படியே இருக்கிறது. எக்ஸ்ரேயிலும் கோளாறு எதுவும் இல்லை.

இப்படிப்பட்ட குழந்தையிடம் முதலில் கவனிக்க வேண்டியது, கழுத்து எவ்வளவு தூரம் திரும்புகிறது என்பதைத்தான். பிறவியிலேயே கழுத்துத் தசை இறுகிப்போன குழந்தைக்குப் பிறந்த சில வாரங்களிலேயே சாய்வு தெரிந்துவிடும். காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்புக்கு இறங்கும் தசை விறைப்பாகக் கைக்குத் தட்டுப்படும். தலையை மறுபக்கம் சாய்த்தால் தடுக்கும், குழந்தை அழும். நம் சிறுமிக்கோ கழுத்து எல்லாப் பக்கமும் தாராளமாகத் திரும்புகிறது. படுத்திருக்கும்போது சாய்வு பெரும்பாலும் இருப்பதில்லை. அது ஆரம்பித்ததும் அவள் நிமிர்ந்து உட்காரப் பழகிய பிறகுதான்.

அவளுக்குப் பலவீனம் வலது கண்ணில். கண்ணை அசைக்கும் ஆறு தசைகளில் ஒன்றான மேல்சாய் தசை, மூக்கை ஒட்டிய மேல் மூலையில் இருக்கும் ஒரு சிறு வளையத்துக்குள் நுழைந்து, கிணற்றுக் கப்பியில் திரும்பும் கயிறுபோல் திசை மாறி, கண்ணில் வந்து ஒட்டுகிறது. கண்ணைக் கீழே இறக்குவதும், மேல்விளிம்பை மூக்குப் பக்கமாகச் சுழற்றுவதும் அதன் வேலை. அதை இயக்குவது நான்காவது மூளை நரம்பு. இந்த நரம்போ தசைநாணோ பிறவியிலேயே சரியாக அமையாமல் போனால் அந்தக் கண் மற்றதைவிடச் சற்று மேலே ஏறிவிடும், கொஞ்சம் வெளிப்பக்கமாகவும் சுழன்றுவிடும். இரண்டு கண்ணிலும் விழும் பிம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்துவதில்லை.

தலையை இடப்பக்கம் சாய்த்தால் அந்தப் பலவீனமான தசைக்கு வேலை குறைகிறது. கண்கள் ஒரே மட்டத்துக்கு வருகின்றன, பார்ப்பது ஒன்றாகத் தெரிகிறது. யாரும் சொல்லித்தராமல் குழந்தை தானே கண்டுபிடித்துக்கொண்ட வழி இது. "தலையை நேரா வை" என்று அவளை அதட்டுவது, இரட்டையாகப் பார் என்று சொல்வதற்குச் சமம்.

இதைக் கண்டுபிடிக்க மருத்துவர் செய்யும் எளிய சோதனை, ஒரு கண்ணைத் துணி ஒட்டி மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் விளையாட விடுவது. ஒரு கண்ணால் மட்டும் பார்க்கும்போது இரண்டு பிம்பங்களைப் பொருத்தும் தேவையே இல்லாததால் தலை மெல்ல நிமிர்கிறது. நிமிராவிட்டால் கண் காரணமில்லை என்று உடனே முடிவுகட்டக் கூடாது. பல வருடம் சாய்ந்தே இருந்த கழுத்து இறுகியும் போயிருக்கலாம்.

அடுத்து, தலையை வேண்டுமென்றே வலப்பக்கம் சாய்த்துப் பார்ப்பார். வலது கண் பளிச்சென்று மேலே ஏறும். ஜெர்மானியக் கண் மருத்துவர் பீல்ஷோவ்ஸ்கியின் பெயரால் வழங்கும் சோதனை இது. கூடவே பழைய போட்டோக்களைக் கேட்பார். முதல் பிறந்தநாள் படத்திலும் அதே பக்கச் சாய்வு இருந்தால், கோளாறு புதிதல்ல என்று தெரிந்துவிடும். நீண்ட நாள் சாய்த்தே வளர்ந்த முகத்தில், சாயும் பக்கக் கன்னம் சற்றுச் சிறுத்திருப்பதும் உண்டு.

கழுத்துப் பயிற்சி இந்தச் சாய்வைத் தீர்க்காது. கோணம் மிகச் சிறிதாக இருந்தால் பிரிசம் வைத்த கண்ணாடி உதவலாம். சாய்வு கணிசமாக இருந்தால் அறுவை சிகிச்சைதான். கண்ணை மேலே இழுக்கும் கீழ்சாய் தசையைத் தளர்த்துவது வழக்கம். மேல்சாய் தசையின் நாண் தொளதொளவென்று இருந்தால் அதை மடித்துத் தைத்துக் குட்டையாக்குவார்கள். குழந்தையை மயக்கத்தில் வைத்துச் செய்யப்படும் சிகிச்சை இது. பழக்கத்தால் சில வாரம் தலை சாயலாம். சிலருக்கு இரண்டாவது முறையும் தேவைப்படும்.

ஒரு விஷயத்தில் பெற்றோர் ஏமாந்துவிடக் கூடாது. சிகிச்சை இல்லாமலே சாய்வு திடீரென மறைந்தால் குணமாகிவிட்டது என்று நிம்மதியடைய வேண்டாம். மூளை ஒரு கண்ணின் பிம்பத்தை ஒதுக்கத் தொடங்கியிருக்கலாம். அப்படியானால் சாய்க்கும் அவசியம் போய்விடும், அந்தக் கண்ணின் பார்வையோ மங்கத் தொடங்கும். உடனே கண்ணைச் சோதிக்க வேண்டும்.

அதுவரை நேராக இருந்த தலை புதிதாகச் சாய்ந்தால் அது வேறு கதை. தலைவலி, காலையில் வாந்தி, நடையில் தள்ளாட்டம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் மூளையின் பின்பகுதியில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். கீழே விழுந்து தலையில் அடிபட்ட பிறகோ, காய்ச்சலும் கழுத்து வலியுமாகவோ சாய்வு வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.