நாரையும் குழந்தையும்: பொதுப் பகுதியெண் காட்டும் பொய்யுறவு

குழந்தைகளை நாரைகளே கொண்டுவந்து தருகின்றன என்பது ஐரோப்பியப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் பழங்கதை. இக்கதையைப் புள்ளிவிபரங்களாலே “நிறுவிக்காட்டிய” ஒருவரைப் பற்றி, கலிபோர்னியாவிற் பணியாற்றிய புள்ளிவிபர அறிஞர் யேர்சி நேமன் 1952ஆம் ஆண்டில் வெளியான தமது விரிவுரை நூலில் எழுதினார். அந்த நண்பரும் அவர் திரட்டிய எண்களும் நேமனின் கற்பனையே. நண்பர் 54 மாவட்டங்களிலே நாரைகளை எண்ணினார். பிறந்த குழந்தைகளை எண்ணினார். பெரிய மாவட்டத்தையும் சிறிய மாவட்டத்தையும் அப்படியே ஒப்பிடுதல் நேர்மையன்று என்று கருதி, இரு தொகைகளையும் அவ்வம் மாவட்டத்துப் பெண்களின் தொகையால் வகுத்தார். வகுத்துப் பார்த்தபோது, நாரை வீதம் கூடிய இடத்திற் பிறப்பு வீதமுங் கூடியிருந்தது.

நண்பர் பொய் சொல்லவில்லை, எண்ணுவதிலும் பிழைவிடவில்லை. நேர்மையின் பொருட்டு அவர் செய்த வகுத்தலே அவரை ஏமாற்றியது. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை ஒரு சிறு கணக்கினாற் காணலாம்.

எட்டு மாவட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கில் 10,000 பெண்கள் வீதமும், மற்றை நான்கில் 20,000 பெண்கள் வீதமும் பதியப்பட்டுள்ளனர். ஒரு மாவட்டத்தில் நாரைகள் 4 ஆகவோ 6 ஆகவோ இருக்கும். ஓராண்டுப் பிறப்புக்கள் 600 ஆகவோ 800 ஆகவோ இருக்கும். முதல் நான்கு மாவட்டங்களில் இவை சேரக்கூடிய நான்கு வகைகளும் ஒவ்வொரு முறை வருகின்றன: 4 நாரையும் 600 பிறப்பும், 4 நாரையும் 800 பிறப்பும், 6 நாரையும் 600 பிறப்பும், 6 நாரையும் 800 பிறப்பும். மற்றை நான்கிலும் இவ்வாறே. ஆகவே நாரைக்கும் பிறப்புக்கும் எள்ளளவு உறவும் இல்லை. 4 நாரை உள்ள மாவட்டங்களின் சராசரிப் பிறப்பு 700. 6 நாரை உள்ளவற்றின் சராசரியும் அதே 700 தான்.

இனி, பத்தாயிரம் பெண்களுக்கு எத்தனை என்று வகுத்துப் பார்ப்போம். முதல் நான்கு மாவட்டங்களில் எண்கள் மாறா. நாரை வீதம் 4 அல்லது 6, பிறப்பு வீதம் 600 அல்லது 800. மற்றை நான்கில் ஒவ்வோர் எண்ணும் பாதியாகின்றது. நாரை வீதம் 2 அல்லது 3, பிறப்பு வீதம் 300 அல்லது 400. எட்டையும் ஒரே தாளில் எழுதினால், நாரை வீதம் கூடிய நான்கும் பிறப்பு வீதத்திலும் மேலே நிற்கின்றன. குறைந்த நான்கும் கீழே நிற்கின்றன. சற்றுமுன் சுழியாக இருந்த இணைபுக் குணகம் இப்பொழுது 0.77 ஆகிவிட்டது. ஒன்றின் மாற்றத்தைக் கொண்டு மற்றதன் மாற்றத்தை மதிப்பிடும் பிற்செலவுக் கோட்டை வரைந்தால், நாரை வீதம் ஒன்று கூடும்போது பிறப்பு வீதம் சரியாக 100 கூடுமென்று அக்கோடு கூறும். ஒரு நாரைக்கு நூறு குழந்தைகள்!

இந்த நூறு எங்கிருந்து வந்தது? நாரையிலிருந்தன்று, பெண்களின் தொகையிலிருந்து வந்தது. இரண்டு பின்னங்களுக்கும் பகுதியெண் ஒன்றே. அது பெருகும்போது இரண்டும் ஒருங்கே சிறுக்கும். அது சிறுகும்போது இரண்டும் ஒருங்கே பெருகும். ஒரே கயிற்றிற் கட்டிய இரு வாளிகள் ஒன்றாக ஏறியிறங்குவதைக் கண்டு, ஒரு வாளி மற்றதை இழுக்கிறது என்று எண்ணுவது போன்றதே இம்மயக்கம்.

நேமனுக்கு நெடுங்காலம் முன்னரே, 1897இல், இங்கிலாந்தின் காள் பியர்சன் இதனை எடுத்துக்காட்டினார். எலும்புக் குவியலொன்றிலிருந்து தொடையெலும்பு, கணைக்கால் எலும்பு, மேற்கை எலும்பு என மும்மூன்றாகக் கண்மூடித்தனமாக எடுத்துச் சேர்த்து, ஒவ்வொரு தொகுதியும் ஒரே மனிதனுடையது என்று கூறுவதாக அவர் கற்பனை செய்தார். இதனைச் சோதிக்க விரும்பும் உயிரியலாளர், தொடையெலும்பின் நீளத்தையும் கணைக்கால் எலும்பின் நீளத்தையும் மேற்கை எலும்பின் நீளத்தால் வகுக்கிறார். எலும்புகள் தாறுமாறாகச் சேர்ந்தவையாயினும், அவ்விரு விகிதங்களுக்குமிடையே 0.4 முதல் 0.5 வரையான இணைபு தோன்றும் என்று பியர்சன் கணித்துக்காட்டினார். அதைக் கண்ட உயிரியலாளர் எலும்புகள் உரியபடியே சேர்க்கப்பட்டன என்று நம்பிவிடக்கூடும். இதற்குப் பியர்சன் இட்ட பெயரே போலி இணைபு.

பெண்கள் இருமடங்காகியும் பிறப்புக் கூடாத மாவட்டம் எங்கே உண்டு என்று நேயர்கள் கேட்கலாம். பகுதியெண் பிழையாக மதிக்கப்பட்ட இடமெல்லாம் அத்தகைய மாவட்டமே. மேற்கூறிய எட்டு மாவட்டங்களிலும் உண்மையிற் பெண்கள் ஒரே தொகையினராக இருந்து, நான்கில் மட்டும் ஏட்டில் இருமடங்காகப் பதியப்பட்டிருந்தாலும் இதே 0.77 தான் வரும். இலங்கைக்கு இது வெறுங் கற்பனையன்று. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டுக்குப் பின்னர், எல்லா மாவட்டங்களையும் முழுமையாக உள்ளடக்கிய மதிப்பீடு 2012இலேயே நடைபெற்றது. 2001இல் 18 மாவட்டங்களிலேதான் அது முழுமை பெற்றது. வடக்கு, கிழக்கின் ஏனைய மாவட்டங்கள் பலவற்றுக்கு உத்தேசத் தொகைகளையே கொள்ள நேர்ந்தது. மக்கள் இடம்பெயர்ந்து சென்ற மாவட்டமொன்றுக்குப் பழைய பெருந்தொகையையே பகுதியெண்ணாகக் கொண்டால், ஆள்வீத வைத்தியர் தொகை, ஆள்வீத ஆசிரியர் தொகை, ஆள்வீதப் பிறப்பு ஆகிய யாவும் ஒருமிக்கத் தாழ்ந்து தோன்றும். அவற்றுள் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமென்று கொண்டு பணத்தைச் செலவிடுவோர், ஒரு பிழையைத் துரத்திச் செல்பவராவர்.

பொய்யுறவை இனங்காண எளிய வழியொன்று உண்டு. பகுதியெண் ஏறத்தாழச் சமமாயுள்ள மாவட்டங்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தல் வேண்டும். நமது கணக்கில் 10,000 பெண்கள் உள்ள நான்கிலும் உறவில்லை; 20,000 பெண்கள் உள்ள நான்கிலும் உறவில்லை. இரு கூட்டங்களையும் கலந்தபோதுதான் உறவு பிறந்தது. பிற்செலவுக் கணிப்பிலும் இதையே செய்யலாம். பிறப்புக்களை வகுக்காது அப்படியே வைத்து, நாரைகளையும் பெண்களின் தொகையையும் இரு தனிக் காரணிகளாகச் சேர்த்தால், நாரையின் குணகம் சுழியாகிவிடும். வீதங்களையே கையாள வேண்டிய தேவை இருப்பின், ஒன்றைப் பெண்களின் தொகையால் வகுத்த எண்ணையும் இன்னொரு காரணியாகச் சேர்த்தல் வேண்டும். அப்பொழுது பகுதியெண்ணின் வேலையை அந்த எண் ஏற்றுக்கொள்ளும். நாரையின் மேல் அது சுமத்தப்படமாட்டாது. ஏட்டிலுள்ள பகுதியெண்ணையே கொண்டு இவற்றைச் செய்யலாமாதலால், அது பிழையானதாக இருந்தாலும் இவ்வழி பயன்படும்.

இதனால் வீதங்கள் யாவும் தீயவை என்பது பொருளன்று. ஒரு மாவட்டத்தின் பிறப்பு வீதம் என்ன என்று அறிவதற்கு வகுத்தலன்றி வேறு வழியில்லை. 1910இல் உட்னி யூல் என்னும் அறிஞர் இதன் மறுபக்கத்தையும் சுட்டிக்காட்டினார்: இயற்கையில் உறவு விகிதங்களுக்கிடையே இருக்குமாயின், வகுக்காத தொகைகளின் இணைபே போலியாகிவிடும். நமது எட்டு மாவட்டங்களிற் பெண்கள் கூடியும் பிறப்புக் கூடவில்லை. அதனால் வகுத்தல் பகுதியெண்ணின் சாயலைப் புதிதாகப் பூசிற்று. பெண்கள் இருமடங்காகும்போது பிறப்புக்களும் நாரைகளும் இருமடங்காகுமாயின், வகுத்தல் அந்தச் சாயலை நீக்கும். வகுக்காத தொகைகளே அப்பொழுது பொய்யுறவு காட்டும். எனவே ஆள்வீத எண்கள் இரண்டு கைகோத்துச் செல்வதைக் காணும் ஒருவர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, இவற்றுள் எது எதற்குக் காரணம் என்பதன்று. இரண்டுக்கும் கீழே நிற்கும் எண் எது, அது எவ்வாறு எண்ணப்பட்டது என்பதே.