மௌனமும் வெளிச்சமும்: பக்கத்து எழுத்தைப் பார்த்து மாற்றும் வழி

கணினியில் ‘மௌனம்’ என்று தேடினால், அந்தச் சொல் பல பக்கங்களில் இருந்தும் சில இடங்கள் அகப்படாமல் போகும். அங்கெல்லாம் தட்டச்சு செய்தவர் ‘மெளனம்’ என்று அடித்திருப்பார். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். ஆனால் முதலாவதில் இருப்பது ஔகாரக் குறியான ‘ௌ’. யூனிகோடில் அது ஒரே எழுத்துருப்படி. இரண்டாவதில் ஒற்றைக் கொம்பும் ‘ள’ என்ற தனி எழுத்தும் அடுத்தடுத்து நிற்கின்றன. கெளரவம், பெளர்ணமி, செளகரியம் என்று இந்தப் பிழை எங்கும் பரவிக் கிடக்கிறது.

கொம்பும் ளகரமும் சேர்ந்த இடத்தையெல்லாம் ‘ௌ’ ஆக்கிவிட்டால் போதும் என்று தோன்றும். அப்படிச் செய்தால் ‘தெளிவு’ சிதைந்துபோகும். ‘வெள்ளம்’, ‘வெளிச்சம்’ எதுவும் தப்பாது. இச்சொற்களில் ளகரம் உண்மையான ளகரம். வேறுபாடு அடுத்த எழுத்தில் இருக்கிறது: உண்மையான ளகரத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் உயிர்க்குறியோ புள்ளியோ வரும். ‘மெளனம்’ போன்றவற்றில் ளகரம் வெறுமையாக நிற்கும்.

ஆகவே, “பின்னால் குறி எதுவும் இல்லாவிட்டால் மட்டும் மாற்று” என்று கணினியிடம் சொல்ல வேண்டும். ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படும் தேடல் மொழியில் இதற்கு லுக்அஹெட் என்று பெயர். பைத்தானில் இப்படி எழுதலாம்:

```python
import re
text = re.sub("\u0BC6ள(?![\u0BBE-\u0BCD])", "\u0BCC", text)
```

`\u0BC6` என்பது ஒற்றைக் கொம்பு; `\u0BCC` என்பது ஔகாரக் குறி. `(?!` என்று தொடங்கும் பகுதிதான் நிபந்தனை: துணைக்கால் முதல் புள்ளி வரையுள்ள குறி எதுவும் அடுத்து வரக் கூடாது. அடுத்த எழுத்து இன்னதாக இருக்க வேண்டும் என்று கேட்க `(?=` என்று தொடங்க வேண்டும்.

இந்த நிபந்தனை அடுத்த எழுத்தைப் பார்க்கும், ஆனால் தொடாது. ‘கெளரவம்’ என்பதைத் திருத்த, ரகரத்தையும் தேடலுக்குள் சேர்த்துக் கொம்பு, ள, ர மூன்றையும் ‘ௌ’ ஆக்கினால் ரகரமும் போய்க் ‘கௌவம்’தான் மிஞ்சும். லுக்அஹெட்டில் ரகரம் வெறும் சாட்சி. அது அப்படியே இருக்கும்.

கதை, உரையாடல் பக்கங்களில் இன்னொரு சிக்கல் வரும். ‘கெளம்பு’, ‘வெளக்கு’ என்று பேச்சுமொழியில் எழுதியிருப்பார்கள். இங்கே ளகரம் வெறுமையாக நின்றாலும் அது ளகரமேதான். ‘கெளம்பு’வைக் காக்க, “அடுத்து ‘ம்ப’ வரக் கூடாது” என்று சேர்த்தால் போதும். ‘வெளக்கு’, ‘வெளஞ்சது’ போன்றவற்றுக்கு முந்தைய எழுத்தைப் பார்க்க வேண்டும். அதற்கானது லுக்பிஹைண்ட், `(?<!` என்று தொடங்கும்:

```
(?<!வ)\u0BC6ள(?![\u0BBE-\u0BCD]|ம்ப)
```

‘வெ’ என்று திரையில் பார்க்கும்போது கொம்பு வகரத்துக்கு இடப்பக்கம் நிற்கிறது. யூனிகோடில் முதலில் வகரம், அதன் பிறகே கொம்பு என்றுதான் பதிவாகிறது. அதனால்தான் கொம்புக்கு முன்னால் வகரம் இருக்கிறதா என்று கேட்க முடிகிறது. கண்ணுக்குத் தெரியும் வரிசையை நம்பி நிபந்தனை எழுதினால் தேடல் பொய்த்துவிடும். வகரத்தை விலக்கியதால் ‘வெளவால்’ திருந்தாமல் நின்றுவிடும். அதற்கு `(?<=வ)\u0BC6ள(?=வ)` என்று தனியாக ஒரு தேடல் போடலாம்.

நிபந்தனை எழுத்தைத்தான் பார்க்கும், பொருளைப் பார்க்காது. கிழவியைப் பேச்சுவழக்கில் ‘கெளவி’ என்று எழுதியிருந்தால் அது ‘கௌவி’ ஆகிவிடும். பல்லால் கௌவுவதும் அதே எழுத்துகள்தான். மிளகாயை ‘மெளகா’ என்று எழுதியிருந்தாலும் இதே கதி. எந்தப் பக்கத்து எழுத்தைச் சோதித்தாலும் இவற்றை முழுதாகப் பிரிக்க முடியாது.

எல்லாக் கருவிகளிலும் இது நடக்காது. கூகுள் ஷீட்ஸின் தேடல் வாய்பாடுகளில் இந்த இரண்டு வசதிகளும் இல்லை. பைத்தானின் `re`-யில் லுக்பிஹைண்டுக்குள் நீளம் மாறாத கோலத்தை மட்டுமே எழுதலாம். ‘ஒன்றோ பலவோ’ என்ற குறியைப் போட்டால் பிழைச்செய்தி வரும்.

மாற்றி முடித்ததும் `\u0BCC[\u0BBE-\u0BCD]` என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். ஔகாரக் குறிக்குப் பின்னால் இன்னொரு குறி ஒட்டியிருந்தால் ஏதோ ஒரு சொல் உடைந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் ‘கெளவி’ போன்ற பிழையை இந்தச் சோதனை காட்டிக் கொடுக்காது. எனவே மூலக் கோப்பை நகலெடுத்து வைத்துக்கொண்டு, மாறப்போகும் சொற்களை முதலில் பட்டியலாக எடுத்து ஒருமுறை படித்துப் பார்த்த பிறகே மாற்றுங்கள்.