காடையா, வாத்தா, முயலா?

செம்பனைத் தோட்டத்து வீடுகளில் நாலைந்து நாட்டுக்கோழிகள் மேய்வது நாம் பார்த்துப் பழகியதுதான். அவை பகலில் புழு பூச்சிகளைக் கிளறித் தின்னும். மாலையில் ஒரு கைப்பிடி தீவனம் போட்டால் கூண்டில் அடையும். தீபாவளி நெருங்கினால் உயிரோடு கேட்டு வாங்க ஆள் வரும். கோழியை விட்டு வேறொன்றுக்கு மாறுமுன் இரண்டு கேள்விகளைக் கேட்போம். தானாகத் தேடித் தின்னுமா? வாங்குவது யார்?

காடை இந்த முதல் கேள்வியிலேயே தோற்கிறது. பொரித்த ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்குவது உண்மைதான். ஆனால் கூண்டை விட்டு வெளியே விட முடியாது. முழுத் தீனியும் கடையிலிருந்துதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு காடைக்கு நாளுக்குச் சுமார் 25 கிராம் தீவனம். 50 பெண்காடைக்கு ஒன்றேகால் கிலோ, மாதத்துக்கு 38 கிலோ. நன்றாக இட்டால் தினம் 40 முட்டை கிடைக்கும். ஒவ்வொன்றும் 10 கிராம்தான்; ஆக எட்டுக் கோழிமுட்டைக்குச் சமம். தினமும் நாற்பதை எடுத்துக்கொள்ளும் இரவுச் சந்தைக் கடைக்காரர் ஒருவர் முன்கூட்டியே சம்மதித்திருந்தால் சரி. இல்லையென்றால் முட்டை வீட்டில் தங்கும், தீவனச் செலவு மட்டும் ஓடும். மேலும், காடை அடைகாக்காது. ஆகவே புதுக் குஞ்சுக்கும் காசு வேண்டும்.

முயலுக்குப் புல் போதும் என்பார்கள். 31 நாளில் குட்டியும் போடும். ஆனால் நம் ஊர் வெயிலில் அது வாடும். தகரக் கூரைக்கடியில் கூண்டு வைத்தால் ஆண் முயல் இனவிருத்திக்கே உதவாமல் போகலாம். இறைச்சியை நம்மவர் வழக்கமாகக் கேட்பதில்லை. குழந்தைகள் ஆசைக்கு ஒரு ஜோடி வைக்கலாம். வருமானத்துக்கென்றால் நாம் சொல்லமாட்டோம்.

வாத்தின் கதை வேறு. தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் பக்கம் வயல்கள் உண்டு. அறுவடைக்குப்பின் சிந்திய நெல்லையும், பயிருக்குப் பகையான தங்க நத்தையையும் வாத்து விரும்பித் தின்னும். வயல்காரரிடம் கேட்டுவிட்டு, நத்தை மருந்து அடித்த வயலை விலக்கி ஓட்டுங்கள். தோட்டத்துக் கால்வாயும் உதவும். ஆனால் களைக்கொல்லி தெளித்த வாரத்தில் அங்கே விடவேண்டாம்.

வாத்தைக் கெடுப்பது பூஞ்சணம் பிடித்த தீவனம். கோழி தாங்கும் அளவுகூட வாத்துக்குஞ்சுக்கு நஞ்சு. வாடை அடித்தால், கட்டியாக இருந்தால், கொட்டிவிடுங்கள். குஞ்சுகள் தீனி விட்டு நொண்டத் தொடங்கியபின் காப்பாற்றுவது கடினம்.

முட்டையை அன்றே விற்க வேண்டிய அவசரமில்லை. சீனர், மலாய்க்காரர் இருவரும் வாங்குவது உப்புமுட்டை. தண்ணீரைக் கொதிக்கவைத்து, இனி கரையாது என்னுமளவுக்கு உப்பிட்டு, நன்கு ஆறவிடுங்கள். கழுவிய முட்டைகளை ஒன்றோடொன்று மெதுவாகத் தட்டிப் பாருங்கள். மந்தமான ஓசை வந்தால் கீறல் உண்டு, அதை எடுத்துவிடுங்கள். மீதியை ஜாடியில் அடுக்கி, மேலே மிதக்காதபடி தட்டை வைத்து அமுக்கி, மூன்று வாரம் மூடிவையுங்கள். பிறகு ஒன்றை அவித்துப் பாருங்கள்: மஞ்சள் கரு கெட்டியாக, எண்ணெய் கசிந்தால் கடைக்குக் கொண்டு போகலாம்.