ஒரு பாடம், மூன்று தரம், ஒரு சாவி

பிளஸ் டூ இயற்பியல் நடத்தும் ஒரு டியூஷன் சென்டரை எடுத்துக்கொள்வோம். மாணவர்கள் 200 பேர். வகுப்பைத் தவறவிட்டவர்களும், தேர்வுக்கு முன் திரும்பப் பார்க்க நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஆசிரியர் ஸ்டாண்டில் போனை மாட்டிப் பாடத்தைப் பதிவு செய்கிறார். 1080பி தரத்தில் விநாடிக்கு 17 மெகாபிட் என்று பதிவானால், ஒரு மணி நேரப் பாடம் சுமார் 7.6 ஜி.பி. ஆகிவிடும். அதை அப்படியே சர்வரில் ஏற்றி லிங்க் அனுப்பினால், தினம் 1.5 ஜி.பி. டேட்டா கிடைக்கும் ரீசார்ஜ் போட்ட மாணவருக்குப் பன்னிரண்டு நிமிடத்திலேயே அன்றைய கணக்கு தீர்ந்துவிடும். சிக்னல் சுமாராக இருந்தால் அந்தப் பன்னிரண்டு நிமிடமும் கிடைக்காது. திரையில் வட்டம்தான் சுற்றும்.

ஒரே பதிவைப் பல அளவுகளில் புதிதாகச் சுருக்கி எழுதும் வேலைக்குப் பெயர் டிரான்ஸ்கோடிங். ஓடுகிற வகுப்பை அந்தந்த நொடியே சுருக்க வேண்டிய அவசரம் போனுக்கு உண்டு. அதனால் தாராளமாக இடம் எடுத்துக்கொள்கிறது. வகுப்பு முடிந்தபின் கம்ப்யூட்டர் நிதானமாகச் சுருக்கலாம். அதோடு, பாட வீடியோவில் அசைவே குறைவு. கரும்பலகை அப்படியே நிற்க, ஒரு கையும் சாக்பீஸும்தான் நகர்கின்றன. எனவே 480பி தரத்துக்குப் படத்துக்கு 600, ஒலிக்கு 64 கிலோபிட் ஒதுக்கினாலே பெரும்பாலும் போதும். அதே ஒரு மணி நேரம் சுமார் 300 எம்.பி.க்கு இறங்கிவிடும்.

எத்தனை தரங்கள் வைப்பது, எது கடைசிப் படி? இதைப் பலகையில் உள்ள எழுத்துதான் முடிவு செய்ய வேண்டும். நிலைமின்னியல் பாடத்தில் ஆசிரியர் 4πε₀ என்று எழுதுகிறார். கீழே தொங்கும் அந்தச் சின்னப் பூஜ்யம் ஓர் அங்குல உயரம் என்று வைப்போம். 4 அடி உயரப் பலகை திரையை மேலிருந்து கீழ்வரை நிறைத்தால், 480பி தரத்தில் அந்தப் பூஜ்யத்துக்குப் பத்து வரிப் புள்ளிகள் கிடைக்கும், வாசிக்கலாம். 360பி-யில் ஏழெட்டு, சிரமப்பட்டு வாசிக்கலாம். 240பி-யில் ஐந்துதான், வெள்ளைத் திட்டாகத் தெரியும். மின்விசிறியும் டியூப்லைட்டும் சேர்ந்து தெரியும்படி போனை வைத்திருந்தால் இந்தக் கணக்கு பாதியாகக் குறைந்துவிடும். தரத்தை ஏற்றுமுன் போனைப் பலகைக்கு அருகே நகர்த்திப் பார்க்க வேண்டும்.

ஆகவே 720, 480, 360 என்று மூன்று தரங்கள் போதும். மூன்றிலும் ஒலியை ஒரே அளவில் வைப்பது நல்லது. படம் மங்கினாலும் ஆசிரியரின் குரல் தெளிவாக இருந்தால் பாடத்தைத் தொடரலாம்.

அடுத்து, ஒவ்வொரு தரத்தையும் ஆறு ஆறு விநாடித் துண்டுகளாக வெட்டுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு 600 துண்டுகள். ஆப்பிள் நிறுவனம் 2009-இல் கொண்டுவந்த எச்.எல்.எஸ். முறை இது. எந்தெந்தத் தரம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பிளேலிஸ்ட் இப்படி இருக்கும்:

```
#EXTM3U
#EXT-X-STREAM-INF:BANDWIDTH=1400000,RESOLUTION=1280x720
720/index.m3u8
#EXT-X-STREAM-INF:BANDWIDTH=750000,RESOLUTION=854x480
480/index.m3u8
#EXT-X-STREAM-INF:BANDWIDTH=360000,RESOLUTION=640x360
360/index.m3u8
```

எதை எடுப்பது என்று முடிவு செய்வது சர்வர் அல்ல, மாணவர் போனில் இருக்கும் பிளேயர். 480பி துண்டு ஒன்று ஏறக்குறைய 500 கே.பி. விநாடிக்கு 400 கிலோபிட் மட்டுமே வரும் இடத்தில் அது இறங்கப் பத்து விநாடி ஆகும். ஆறு விநாடிப் பாடத்துக்குப் பத்து விநாடி காத்திருந்தால், கையிருப்பு கரைந்து படம் நின்றுவிடும். பிளேயர் இதை முன்கூட்டியே கவனித்து 360பி-க்கு இறங்குகிறது. அந்தத் துண்டு ஐந்து விநாடிக்குள் வந்துவிடுவதால் பாடம் நிற்காமல் ஓடும். சிக்னல் மேம்பட்டதும் அதுவே மேலே ஏறிக்கொள்ளும்.

இந்த ஏற்ற இறக்கத்தில் படம் துள்ளினாலோ, சொன்ன வார்த்தை திரும்பக் கேட்டாலோ கோளாறு டிரான்ஸ்கோடிங்கில் இருக்கலாம். வீடியோவில் எல்லாப் படமும் முழுப்படம் அல்ல. இடையிடையே ஒரு முழுப்படம், மற்றவை மாற்றங்கள் மட்டும். முழுப்படம் வரும் இடத்தில்தான் தரம் மாற முடியும். ஆகவே மூன்று தரங்களிலும் அது ஒரே நொடியில் வர வேண்டும். போன் பதிவில் விநாடிக்கு எத்தனை படம் என்பது நிலையாக இருக்காது. அதை 25 என்று நிலைப்படுத்தி, 50 படத்துக்கு ஒரு முழுப்படம் என்று கட்டாயப்படுத்தினால் ஆறு விநாடி எல்லை எல்லாத் தரத்திலும் சரியாகப் பொருந்தும்.

இனி, யார் பார்க்கலாம் என்ற கேள்வி. பல சென்டர்கள் லாகின் பக்கம் ஒன்றை வைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகின்றன. அந்தப் பக்கம் பிளேலிஸ்டின் முகவரியைத்தான் பிளேயரிடம் தருகிறது. பிரவுசரில் நெட்வொர்க் பகுதியைத் திறந்தால் index.m3u8 என்று அது கண்ணெதிரே இருக்கும். அதை ஒரு மாணவர் டெலிகிராமில் போட்டால் கட்டணம் கட்டாத ஊரே பார்க்கும். முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்த கதைதான். சோதித்துப் பார்ப்பது எளிது: அந்த முகவரியை லாகின் செய்யாத இன்னொரு போனில் திறந்து பாருங்கள். பிளேலிஸ்டும், அதிலுள்ள துண்டின் முகவரியும் 403 என்று மறுக்கப்பட வேண்டும்.

பிளேலிஸ்டுக்கு மட்டும் காவல் போட்டுத் துண்டுகளை விட்டுவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. காலாவதி நேரத்தோடு கையொப்பமிட்ட குக்கியை அந்தப் பாடத்தின் ஃபோல்டர் முழுவதற்கும் கொடுத்தால் எல்லாத் துண்டுகளும் அதற்குள் அடங்கும். காலாவதியை ஐந்து நிமிடம் என்று இறுக்கிவிடக் கூடாது. பாடத்தை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போன மாணவர் திரும்பி வந்து ஓடவிட்டால், அடுத்த துண்டு மறுக்கப்பட்டுப் படம் உறைந்து நிற்கும். நாலைந்து மணி நேரம் கொடுப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

இரண்டாவது காவல், துண்டுகளையே ஏ.இ.எஸ்.-128 முறையில் பூட்டிவைப்பது. திறக்கும் சாவியை வேறொரு முகவரி தரும். அது ஒவ்வொரு முறையும், 'இவர் இந்த மாதக் கட்டணம் கட்டியிருக்கிறாரா, இரண்டு சாதனங்களுக்கு மேல் பார்க்கிறாரா?' என்று சரிபார்த்த பிறகே கொடுக்க வேண்டும். வீடியோவை ஊர் ஊராக நகலெடுத்து வைக்கும் சி.டி.என். இந்தச் சாவியையும் நகலெடுத்துவிடாதபடி no-store என்று குறிப்பது அவசியம். மறந்தால் முதல் மாணவருக்குக் கிடைத்த சாவி, சரிபார்ப்பு இல்லாமலே அடுத்தவருக்கும் போய்விடலாம்.

முறையாக லாகின் செய்த மாணவரின் பிரவுசருக்குச் சாவி போய்த்தான் ஆக வேண்டும். விவரம் தெரிந்தவர் அங்கிருந்து எடுத்துவிடலாம். வைட்வைன், ஃபேர்பிளே போன்ற டி.ஆர்.எம். முறைகள் சாவியைச் சாதனத்துக்குள் ஒளித்துவைக்கின்றன. அதற்குத் தனிச் செலவும் பராமரிப்பும் உண்டு. ஆனால் எதுவும் இன்னொரு போனால் திரையைப் படம் பிடிப்பதைத் தடுக்காது. அதற்காகத்தான் பார்ப்பவரின் பதிவு எண்ணைத் திரையில் மங்கலாக, இடம் மாறி மாறி ஓடவிடுகிறார்கள். கசிந்த பாடம் குழுவில் சுற்றும்போது அது யார் கணக்கிலிருந்து போனது என்று தெரிந்துவிடும். 200 மாணவர்கள் உள்ள சென்டருக்குக் குக்கி, சாவிச் சரிபார்ப்பு, இந்த எண் ஆகிய மூன்றும் போதும். பாடங்களே தனிச் சந்தையில் விலைபோகும் அளவுக்குச் சென்டர் வளர்ந்தபின் டி.ஆர்.எம். பற்றி யோசிக்கலாம்.