கேப் அறைக்கா, வீட்டுக்கா?

சிங்கப்பூரில் எஸ் பாஸில் வேலைக்கு வந்தவர், வீவக வீட்டில் ஒரு கட்டில் இடம் தேடினால் இப்படியொரு செய்தி வரும்: ‘காமன் ரூம், மூன்று பேர், ஆளுக்கு 450 வெள்ளி, பியூபி கேப் உண்டு, லைட் குக்கிங், விசிட்டர் கூடாது.’ வாடகையை மட்டும் பேரம் பேசிவிட்டு மற்றதற்கெல்லாம் தலையாட்டிவிடுகிறோம். சண்டை வருவதோ அந்த மற்றவற்றில்தான்.

முதலில் கேப். மின்சாரம், தண்ணீர், குழாய் கேஸ் எல்லாம் ஒரே பில்லாக வரும். குறிப்பிட்ட தொகைவரை வீட்டுக்காரர் கட்டுவார். மிஞ்சியது குடியிருப்பவர் பொறுப்பு. கேப் 200 வெள்ளி, பில் 340 என்று வையுங்கள். மிச்சம் 140. அதை அறையிலுள்ள மூவர் மட்டும் சுமந்தால் ஆளுக்கு ஏறத்தாழ 47 வெள்ளி. வீட்டுக்காரர் குடும்பத்து நால்வரையும் சேர்த்து ஏழாகப் பிரித்தால் 20 வெள்ளிதான். ஆகவே, கேப் அறைக்கா வீட்டுக்கா, மிச்சத்தை எத்தனை பேர் பிரிப்பது என்று முன்பே கேளுங்கள். கடைசி மூன்று மாத பில்லையும் காட்டச் சொல்லுங்கள். ஆள் வந்து மீட்டர் பார்க்கும் வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் அளவெடுப்பார்கள், இடையில் வருவது மதிப்பீடு. ஒரே ஒரு பில்லை நம்பினால் ஏமாறலாம். ஏர்கான் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, அதன் சர்வீஸ் செலவு யாருடையது என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான்.

சமையலை, என்ன சமைப்பீர்கள் என்று சொல்லியே கேட்க வேண்டும்.

“அக்கா, ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பு வெச்சுக்கலாமா?”

“அது வேணாம் தம்பி. சோறு வை, முட்டை அவிச்சுக்கோ. தாளிச்சா வீடெல்லாம் வாடை.”

இந்தப் பதில் கிடைத்தால், குழம்புக்கு மாதம் முழுக்கக் கடையில் எவ்வளவு போகும் என்பதையும் வாடகையோடு கூட்டிப் பாருங்கள். 450 வெள்ளி அறை அப்போது மலிவாகத் தோன்றாது.

விசிட்டர் விதிக்குக் காரணம் வீட்டுக்காரரின் கெடுபிடி மட்டுமல்ல. மூன்றறை வீட்டில் ஆறு பேர், நான்கறையிலும் அதற்கு மேலும் இப்போதைக்கு எட்டுப் பேர் என்று வீவக உச்சவரம்பு வைத்திருக்கிறது. வீட்டுக்காரர் குடும்பமும் அதில் அடக்கம். ஊரிலிருந்து வந்த மச்சான் நான்கு நாள் தங்கினாலும் சிக்கலாகலாம். பகலில் வரலாமா, இரவு தங்கலாமா என்று தனித்தனியே கேளுங்கள்.

இன்னொன்று, பணம் வாங்குபவர் வீட்டுக்காரர்தானா? அறைக்கு வாடகை தருபவர் அதை இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விட வீவக அனுமதிப்பதில்லை. ஆறு மாதத்துக்குக் குறைந்த ஒப்பந்தமும் செல்லாது. கட்டுமானத்துறையில் ஒர்க் பர்மிட்டில் இருக்கும் நம்மூர்க்காரருக்கு வீவக வீட்டில் இடமே கிடையாது. உங்கள் பெயர் வீவகவில் குடியிருப்பவராகப் பதிவாகுமா என்று கேளுங்கள். “அதெல்லாம் தேவையில்லை” என்று பதில் வந்தால், டெபாசிட் கொடுக்காமல் வேறு வீடு பாருங்கள்.