காற்றிலிருந்து கம்பிக்கு

வெள்ளிக்கிழமை இஷாத் தொழுகை முடிந்ததும் எங்கள் வீட்டு மேல்மாடியில் ஓர் உதைபந்தாட்டப் போட்டி ஆரம்பமாகும். ஒரு பக்கம் தம்பி. மறுபக்கம் டோஹாவில் வேலை செய்யும் எங்கள் நானா. இருவரிடமும் ஆளுக்கொரு பிளேஸ்டேஷன் 4 இருக்கிறது. யார் கோல் அடித்தார் என்பதைவிட, ஆடிக்கொண்டே இருவரும் பேசிக்கொள்வதுதான் வீட்டில் எல்லோருக்கும் முக்கியம். உம்மாவும் பக்கத்தில் வந்து அமர்ந்து, இடையிடையே சாப்பிட்டாயா என்று கேட்பார்.

சில மாதங்களாக அந்தப் பேச்சு அறுந்து அறுந்து வந்தது. திரையில் பந்து உறைந்து நின்று, பின்னர் திடீரென வேறோர் இடத்தில் தோன்றும். "என்ன செல்றாய்? வெளங்கல்லயே" என்று நானா கேட்டுக்கொண்டே இருப்பார். இணையத்தின் வேகம் போதவில்லை என்று முடிவு செய்த வாப்பா, மாதக் கட்டணம் கூடிய பக்கேஜுக்கு மாறத் தயாரானார். அதற்கு முன் கோளாறு எங்கே இருக்கிறது என்று அளந்து பார்ப்போம் என்றேன். அவ்வாறு அளந்ததில் தெரிந்துகொண்டவையே இக்கட்டுரை.

விளையாட்டுக் கருவியிலிருந்து புறப்படும் தகவல் இரண்டு கட்டமாகப் பயணம் செய்கிறது. முதலாவது, கருவியிலிருந்து வீட்டிலுள்ள ரவுட்டர் வரை. இரண்டாவது, ரவுட்டரிலிருந்து வெளியுலகம் வரை. பக்கேஜுக்கு நாம் கொடுக்கும் பணம் இரண்டாவது கட்டத்துக்கு மட்டுமே உரியது. முதற் கட்டத்தில் கோளாறு இருந்தால், எவ்வளவு பெரிய பக்கேஜ் எடுத்தாலும் அது தீராது.

முதற் கட்டத்தைத் தனியாகச் சோதிக்க ஒரு மடிகணினி போதும். அதை விளையாட்டுக் கருவிக்கு அருகிலேயே வைத்து, அதே வைஃபையில் இணைத்தேன். `ipconfig` என்று தட்டச்சு செய்தால் `Default Gateway` என்ற வரியில் ரவுட்டரின் முகவரி தெரியும். பின்னர் அந்த முகவரிக்கு இக்கட்டளையைக் கொடுத்தேன்.

```
ping -n 100 192.168.1.1
```

இது ரவுட்டருக்கு நூறு சிறு செய்திகளை ஒவ்வொன்றாக அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் பதில் வர எத்தனை மில்லிசெக்கன் ஆனது என்று காட்டும். ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கே மில்லிசெக்கன். பெரும்பாலான பதில்கள் 3 முதல் 8 மில்லிசெக்கனுக்குள் வந்துவிட்டன. ஆனால் இடையிடையே 90, 140, ஒருமுறை 260 என்று எண்கள் குதித்தன. நான்கு செய்திகளுக்குப் பதிலே வரவில்லை. அவ்விடங்களில் `Request timed out.` என்றிருந்தது. மடிகணினியைக் கீழே ரவுட்டருக்கு அருகில் கொண்டுபோய் மீண்டும் சோதித்தபோது எல்லாப் பதில்களும் சில மில்லிசெக்கனில் வந்தன, ஒன்றும் தொலையவில்லை. ஆகவே கோளாறு எங்கள் வீட்டுக்குள்ளேயே, மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் இடையே இருந்தது.

அந்த இடைவெளியில் ஒரு கொங்கிறீட் தட்டும் இரண்டு செங்கற் சுவர்களும் இருக்கின்றன. எங்களிடம் உள்ளது 2013இல் வெளியான முதல் வகைப் பிளேஸ்டேஷன் 4. அது 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே வைஃபையைப் பிடிக்கும். அயல் வீடுகளின் ரவுட்டர்களும், புளூடூத் கருவிகளும், சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையைத்தான் பயன்படுத்துகின்றன.

வைஃபை காற்றைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஏற்பாடு. ஒரு சனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பேசியது மறுபக்கத்துக்குச் சரியாகப் போய்ச் சேராவிட்டால் அதையே மறுபடியும் சொல்ல வேண்டும். சிக்னல் பலவீனமானால், பிழையில்லாமல் கேட்க வேண்டுமென்பதற்காகக் கருவி மெதுவாகப் பேசத் தொடங்கும். காத்திருத்தல், திரும்பச் சொல்லுதல், மெதுவாகப் பேசுதல் ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேரும் வேளையில்தான் 5 என்றிருந்த எண் 260 ஆகிறது.

இதே வைஃபையில் காணொளி பார்த்தால் குறை தெரியாது. ஏனெனில் காணொளி அடுத்த பல செக்கன்களுக்குரிய படங்களை முன்கூட்டியே வாங்கிச் சேமித்து வைத்துக்கொள்ளும். கால் செக்கன் தாமதம் அச்சேமிப்புக்குள் மறைந்துவிடும். விளையாட்டில் அது முடியாது. நானா அடுத்து எந்தப் பக்கம் உதைப்பார் என்பதை முன்கூட்டியே சேமிக்க வழியில்லை. ஒரு செக்கனுக்கு 60 படங்கள் ஓடும் விளையாட்டில் 260 மில்லிசெக்கன் என்பது 15 படங்களுக்கும் மேல். அவ்வளவு நேரமும் தம்பியின் திரை பழைய செய்தியை வைத்து ஊகித்துக்கொண்டிருக்கும். உண்மைச் செய்தி வந்ததும் பந்தைச் சரியான இடத்துக்குத் தூக்கிப் போடும். பந்து தாவியதன் இரகசியம் அதுதான். குரலும் அவ்வாறே, பிந்தி வந்த சொல்லுக்கு உரையாடலில் இடமில்லை.

கேபிளில் இந்தப் பங்குபோடல் கிடையாது. கருவிக்கும் ரவுட்டருக்கும் இடையே அது அவ்விருவருக்கு மட்டுமேயான பாதை. போகவும் வரவும் ஒரே நேரத்தில் இயலும்.

வாங்க வேண்டியது ஈதர்நெட் கேபிள் ஒன்று மட்டுமே. கேட்5ஈ என்ற வகை போதும். இவ்வகைக் கேபிளில் 100 மீற்றர் வரை முழு வேகம் கிடைக்கும். எங்களுக்குத் தேவைப்பட்டது 20 மீற்றர். மாடிப்படியின் சுவரோரமாக அதைக் கொண்டுபோனோம். கூர்மையாக மடியாமலும், மின்சார வயர் செல்லும் குழாய்க்குள் போகாமலும் பார்த்துக்கொண்டோம். ஒரு முனையை ரவுட்டரில் `LAN` என்று எழுதப்பட்ட துளையிலும், மறுமுனையைப் பிளேஸ்டேஷனின் பின்புறத்திலும் செருகினோம். செருகினால் மட்டும் போதாது. கருவிக்கும் சொல்ல வேண்டும். `Settings`, அதில் `Network`, அதில் `Set Up Internet Connection` என்று சென்று, `Use a LAN Cable` என்பதையும் பின்னர் `Easy` என்பதையும் தெரிவு செய்ய வேண்டும். இதைச் செய்யாவிட்டால் கேபிள் செருகியிருந்தும் கருவி பழைய வைஃபையிலேயே இருந்துவிடக்கூடும்.

முதல் நாள் எங்களுக்கு ஏமாற்றமே. குறை அப்படியே இருந்தது. கேபிளை மடிகணினியில் செருகிப் பார்த்தேன். இணைப்பு விபரத்தில் `1000/1000 (Mbps)` என்று வரவேண்டிய இடத்தில் `100/100 (Mbps)` என்றிருந்தது. `ping` கொடுத்தால் செய்திகள் தொலைந்தன. கேபிளுக்குத் தலை அடித்துத் தந்த கடையில், எட்டு விளக்குகளும் எரிகின்றன, கேபிளில் பிழையில்லை என்றார்கள். அவர்கள் காட்டியது உண்மைதான். ஆனால் அச்சோதனை போதாது.

கேபிளுக்குள் எட்டு வயர்கள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு சோடிகளாக இருக்கும். ஒரு சோடியில் இரு வயர்களும் ஒரே சமிக்ஞையின் இரு பாதிகளைச் சுமக்கின்றன. வெளியிலிருந்து வரும் இடையூறு, முறுக்கின் காரணமாக இரண்டின் மீதும் சமமாக விழும். மறுமுனை இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை மட்டுமே வாசிப்பதால் இடையூறு கழிந்துபோகும். இதற்கு, தலையில் மூன்றாம் இடமும் ஆறாம் இடமும் ஒரே சோடிக்குரியவையாக இருக்க வேண்டும். எங்கள் கேபிளில் சோடிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஆகவே மூன்றாம் வயர் ஒரு சோடியிலும் ஆறாம் வயர் வேறொரு சோடியிலும் இருந்தன. இரு முனைகளிலும் ஒரே பிழை என்பதால் ஒவ்வொரு வயரும் தன் இடத்துக்குப் போய்ச் சேருகிறது, விளக்கு எரிகிறது. ஆனால் முறுக்கின் பாதுகாப்பு இல்லை.

கண்ணாடித் தலையினூடே நிறங்களைப் பார்த்தாலே இது தெரியும். சரியான ஒழுங்கு: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். பச்சைச் சோடி பிரிந்து நீலச் சோடியை நடுவில் அணைத்திருப்பதைக் கவனியுங்கள். இரு முனைகளையும் இவ்வொழுங்கில் மீண்டும் அடித்ததும் `1000/1000 (Mbps)` வந்தது.

அதன் பின் அதே நூறு செய்திகளை அனுப்பினேன். நூறுக்கும் பதில் வந்தது. ஏறக்குறைய எல்லாவற்றிலும் `time<1ms` என்றிருந்தது. 90, 140, 260 என்ற தாவல்கள் எங்குமில்லை. பிளேஸ்டேஷனின் `Test Internet Connection` சோதனையில் முன்னர் செக்கனுக்கு 7 மெகாபிட் காட்டிய இறக்க வேகம் இப்போது 46 ஆனது. எங்கள் பக்கேஜ் 50. அதாவது பணம் கொடுத்து வாங்கிய வேகத்தில் பெரும்பகுதி அதுவரை மாடிப்படியிலேயே தொலைந்திருக்கிறது. 20 கிகாபைட் விளையாட்டொன்றை இறக்க ஆறு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது இனி ஒரு மணித்தியாலத்தில் முடியும்.

எதிர்பாராத நன்மை ஒன்று எனக்குக் கிடைத்தது. முன்பு தம்பி விளையாட்டுகளை இறக்கும் வேளைகளில் என் இணைய வகுப்பு அடிக்கடி உறைந்துவிடும். பலவீனமான சிக்னலில் மெதுவாகப் பேசும் ஒரு கருவி, மற்றவர்களுக்குரிய காற்று நேரத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. அக்கருவி கேபிளுக்குப் போனதும் அந்த நேரம் என் மடிகணினிக்குக் கிடைத்தது. ஆயினும் கேபிளில் வேகமாக இறக்கும்போது வெளியிணைப்பு முழுவதும் நிரம்பிவிடும் என்பதால், பெரிய இறக்கங்களை இரவில் வைத்துக்கொள்ளுமாறு தம்பியிடம் கூறியுள்ளேன்.

கேபிள் எதைச் செய்யாது என்பதையும் சொல்லவேண்டும். அது தூரத்தைக் குறைக்காது. கொழும்பிலிருந்து டோஹா நேர்கோட்டில் ஏறத்தாழ 3,600 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் 2,00,000 கிலோமீற்றர் ஓடும். ஆகவே போய்த் திரும்ப 36 மில்லிசெக்கனாவது ஆகியே தீரும். கடலடிக் கேபிள்கள் நேர்கோட்டில் செல்லாதபடியால் உண்மையில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும். ஆனால் அத்தாமதம் பெரும்பாலும் சீரானது. சீரான தாமதத்துக்குக் கை பழகிவிடும்; ஒருமுறை 5, அடுத்தமுறை 260 என்று மாறும் தாமதத்துக்கு யாராலும் பழக முடியாது.

வாப்பா பக்கேஜை மாற்றவில்லை. நானாவின் அறையில் இன்னும் வைஃபைதான். ஆறு பேர் அதைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆகவே சில இரவுகளில் அவர் பக்கத்தில் படம் இன்னும் உறைகிறது. ஆனால் இப்போது, எங்கள் பக்கத்துக் கோளாறு அல்ல என்று தம்பியால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. சென்ற வெள்ளிக்கிழமை நானா கேட்டது ஒன்றே: "அந்த நிறங்கள் எந்த ஒழுங்கில் வரணும் என்று எழுதி அனுப்பு."