பையனுக்குப் பரீட்சை முடியட்டும்

கணவரை இழந்து மூன்று ஆண்டுகளான ஒரு டீச்சரை எடுத்துக்கொள்வோம். வயது 38. மகன் நான்காம் வகுப்பு. மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கிறார். டீச்சரின் அண்ணனுக்கு நண்பரான ஒரு வங்கி ஊழியர் மறுமணப் பேச்சை எடுக்கிறார். டீச்சர் மறுக்கவில்லை. "பையனுக்குப் பரீட்சை முடியட்டும் சார், அப்புறம் பேசலாம்" என்கிறார். இருவரும் நான் உதாரணத்துக்கு உருவாக்கிக்கொண்டவர்கள். ஆனால் இந்தப் பதில் நம் வீடுகளில் அடிக்கடி கேட்பதுதான்.

கேட்டவர் இதை மரியாதையான மறுப்பு என்று நினைத்து விலகிவிடலாம். சம்மதம் என்று நினைத்துத் தினமும் போன் செய்யவும் கூடும். இரண்டுமே அவசரம். டீச்சர் சொன்ன காரணத்துக்கு முடியும் நாள் ஒன்று இருக்கிறது. அந்த நாள் கடந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் பதில் இருக்கிறது. "லீவு விட்டாச்சு, பையன் பாட்டி ஊருக்குப் போயிருக்கான்" என்று அவரே ஒரு செய்தி அனுப்பினால், வேறு எதையும் தேடவேண்டாம், பேச்சைத் திறந்துவிட்டார். மாறாக, பரீட்சை போய் வீட்டு வேலை வந்து, அதுவும் போய் "பார்க்கலாம்" என்று முடிவில்லாத காரணங்களாக வந்துகொண்டிருந்தால், அது பெரும்பாலும் மறுப்பு. நடுவில் அண்ணன் இருப்பதால் நேராகச் சொல்லத் தயங்குகிறார், அவ்வளவுதான்.

பேச்சு தொடங்கி நன்றாகப் போகும்போதே ஒருநாள் எல்லாம் நின்றுவிடும். இரண்டு வாரம் செய்தி வராது. இங்கேதான் பலர் மனம் உடைந்து போகிறார்கள். காலண்டரைப் பார்த்தால் அது கணவரின் திதி வரும் மாதமாக இருக்கும், அல்லது அவர்களுடைய திருமண நாளாக இருக்கும். இறப்புத் துயரை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரு உளவியலாளர்கள் 1999-இல் ஒரு விளக்கம் தந்தார்கள். துணையை இழந்தவர் துக்கத்திலிருந்து நேர்கோட்டில் வெளியேறுவதில்லை. சில நாள் இழப்பின் பக்கம் இருப்பார், சில நாள் புது வாழ்க்கையின் வேலைகளில் இருப்பார்; இப்படி மாறி மாறிப் போய்வருவதே துயரோடு வாழப் பழகும் இயல்பான வழி என்றார்கள். ஆகவே டீச்சர் பின்வாங்கியதை மட்டும் வைத்து முடிவு கட்டுவது நியாயமல்ல. திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாரா, அந்த மௌனத்துக்குத் தானே ஒரு வார்த்தை காரணம் சொல்கிறாரா என்று பார்க்கவேண்டும். "அவருக்குத் திதி இருந்தது, அதான் பேசல" என்று சொல்பவர் நம்பிக்கையோடு பேசுகிறார். முதல் கணவரைப் பற்றி வருகிறவரிடம் பேசுவதும் அப்படித்தான். அதை ஒப்பீடாக எடுத்துக்கொண்டு முகம் சுளித்தால், அவர் அடுத்தமுறை வாய் திறக்கமாட்டார்.

வேகம் குறைவதற்கு மனசு மட்டும் காரணமில்லை. டீச்சர் பள்ளியில் இருக்கும்போது பையனைப் பார்த்துக்கொள்வது மாமியார், மகனை இழந்தவர். அவரிடம் எப்போது, யார் மூலம் சொல்வது என்பதே மாதக்கணக்கில் யோசிக்க வேண்டிய விஷயம். கணவர் அரசு ஊழியராக இருந்திருந்தால், விதவை மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் பொதுவாக மறுமணத்தோடு நின்றுவிடும். தகுதியுள்ள குழந்தை இருந்தால் அதன் பெயருக்கு மாறும். அந்த ஏற்பாட்டை விசாரிக்கிறவரைப் பணத்தாசை பிடித்தவர் என்று சொல்லக்கூடாது. பையனின் படிப்புச் செலவு அதில்தான் நடக்கிறது.

விவாகரத்தானவரின் தயக்கம் வேறு வகை. குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்கு நடந்துகொண்டிருந்தால், எழுதும் செய்தி நாளை நீதிமன்றத்துக்கு வரக்கூடும் என்ற பயத்தில் எதையும் எழுத்தில் வைக்கமாட்டார். நேரில் நன்றாகப் பேசுகிறவர் வாட்ஸ்அப்பில் இரண்டே வார்த்தையில் பதில் அனுப்பினால் அதுவும் காரணமாக இருக்கலாம். தீர்ப்பு வந்த உடனேயும் அவசரப்பட முடியாது: மேல்முறையீட்டு உரிமை இருந்தால், அந்தக் காலக்கெடு முடியாமல், அல்லது மேல்முறையீடு தள்ளுபடியாகாமல், மறுமணம் செய்யக்கூடாது என்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு.

காத்திருப்பவருக்கும் வாழ்க்கை உண்டு. வங்கி ஊழியருக்கு வயது 42. எத்தனை வருடமானாலும் வாய் திறக்காமல் இருக்கவேண்டும் என்று அவரிடம் யாரும் எதிர்பார்க்க முடியாது. அவர் ஒருமுறை, அண்ணனை விட்டுவிட்டு டீச்சரிடமே கேட்கலாம்: "எனக்கு இதில் விருப்பம் இருக்கு. உங்களுக்கு வேண்டாம்னா சொல்லுங்க, உங்க அண்ணன்கிட்ட நானே பக்குவமாச் சொல்லிக்கறேன். நேரம் வேணும்னா அதையும் சொல்லுங்க." மறுப்பதால் வரக்கூடிய சங்கடத்தை இப்படிக் கேட்பவரே தன் தலையில் ஏற்றுக்கொண்டால், டீச்சருக்கு உண்மையைச் சொல்ல இடம் கிடைக்கும். "அடுத்த வருஷம் பையன்கிட்ட நானே பேசறேன்" என்று பதில் வந்தால், அடுத்த வருஷம்வரை அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்கவேண்டியதில்லை.